பேக்கிங் பிரிவுக்கு ஒரு கடிதம்

அம்பத்தூர்ப் பக்கம் அறுபது பேர் வேலை பார்க்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்று. அதன் உற்பத்தி மேலாளர், ஆள் விவகாரங்களைக் கவனிக்கும் ஹெச்.ஆர். அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்ட செய்தி இது:

> பேக்கிங்ல மெஷின் செட் ஆயிடுச்சு. 14 பேர்ல 3 பேர் போதும். மீதி 11 பேருக்கு இன்னிக்கே லெட்டர் குடுத்து அனுப்பிடு. நாளைலேர்ந்து கேட்ல விட வேணாம்னு செக்யூரிட்டி கிட்ட சொல்லிடு. காரணம் கேட்டா பெர்ஃபார்மன்ஸ்னு போடு. அடிக்கடி லீவு போடறவங்க, வாய் பேசறவங்க லிஸ்ட்ல இருக்கணும். முடிஞ்சா ரிசைன் எழுதி வாங்கிடு, தலைவலி இல்ல. செட்டில்மென்ட் அப்புறம் பாத்துக்கலாம். ஷார்ட்டா எழுது. 12 மணிக்கு எனக்கு மீட்டிங், கூப்பிடாதே.

இரண்டு மூன்று இடங்களில் பார்த்ததைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றித் தந்திருக்கிறேன். தொனியை மாற்றவில்லை. ஆட்குறைப்பு என்று வரும்போது பெரும்பாலான கடிதங்கள் இப்படித்தான் பிறக்கின்றன: ஒருவர் அவசரத்தில் தட்டுகிறார், இன்னொருவர் அதைத் தாளில் ஏற்ற வேண்டியிருக்கிறது. தட்டியவர் மேல் கோபப்படுவது சுலபம். ஆனால் அவர் செய்தியின் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மறுபடி படித்துப் பாருங்கள். மெஷின் வந்துவிட்டது, மூன்று பேர் போதும். நேராகச் சொன்ன உண்மை. கடிதத்துக்குத் தேவையான காரணம் முழுவதும் அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவதில்தான் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவரின் காசைத் தின்கிறது.

அதிகாரி இந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு முதலில் எழுதிய கடிதம் இப்படி இருந்தது:

> அன்புள்ள சக பணியாளருக்கு, மாறிவரும் வணிகச் சூழலுக்கேற்ப நமது நிறுவனம் புதிய உயரங்களை நோக்கிப் பயணிக்கிறது. இதன் ஒரு பகுதியாகச் சில கட்டமைப்பு மாற்றங்கள் மேற்கொள்ளப்படுகின்றன. தங்களின் ஈடு இணையற்ற பங்களிப்பை நிர்வாகம் என்றும் நன்றியுடன் நினைவுகூரும். தங்களின் அடுத்தகட்டப் பயணம் சிறக்க வாழ்த்துகிறோம்.

மேலாளரின் முரட்டுத்தனத்தைப் பார்த்து அவர் பயந்துபோய் எதிர்த்திசையில் ஓடியிருக்கிறார். ஆறரை வருடமாக அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் செல்வி இதை வாங்கிப் படித்தால் (பெயர் கற்பனை, கணக்கு நிஜக் கணக்கு) "சார், இதுல என்ன போட்டிருக்கு, எனக்கு வேலை இருக்கா இல்லையா?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு இந்தத் தாளில் பதிலே இல்லை. வாட்ஸ்அப் செய்தி செல்வி கையில் கிடைத்திருந்தால் மனம் புண்பட்டிருக்கும். ஆனால் விஷயம் புரிந்திருக்கும். இது அதையும் செய்யவில்லை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நோக்கியாவிடமிருந்து வாங்கிய கைபேசித் தொழிலில் சுமார் 12,500 பேரைக் குறைத்தது. அதன் தலைவர்களில் ஒருவரான ஸ்டீபன் இலாப் ஊழியர்களுக்கு எழுதிய மின்னஞ்சல் நண்பரைக் குசலம் விசாரிப்பதுபோலத் தொடங்கி, எந்த ரகக் கைபேசி எந்தச் சந்தைக்கு என்று பத்தி பத்தியாக விளக்கிக்கொண்டே போனது. 12,500 என்ற எண் வெகுதூரம் தள்ளித்தான் தலைகாட்டியது. தன் வேலையைப் பற்றி அறியத் துடிப்பவர் அதுவரை வியாபாரத் திட்டத்தைப் படிக்க வேண்டியிருந்தது. உலகப் பத்திரிகைகள் அந்தக் கடிதத்தைக் கேலி செய்து தீர்த்துவிட்டன.

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று நடந்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 2022 மார்ச் 17 அன்று பிரிட்டனில் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் என்ற கப்பல் நிறுவனம் கிட்டத்தட்ட 800 மாலுமிகளை, முன்கூட்டிப் பதிவு செய்த வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டி வேலையை விட்டு அனுப்பியது. அங்கே விஷயம் தெளிவாகத்தான் சொல்லப்பட்டது. ஆனால் சட்டப்படி முன்கூட்டித் தொழிற்சங்கத்தோடு நடத்தியிருக்க வேண்டிய பேச்சுவார்த்தை நடக்கவில்லை. அதை வேண்டுமென்றே தவிர்த்ததாக நிறுவனத்தின் தலைமை அதிகாரி நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார்.

ஆக, கடுஞ்சொல்லை எடுத்துவிட்டு இனிப்பைத் தடவுவதால் கடிதம் நல்ல கடிதமாகிவிடாது. நம் மேலாளரின் செய்தியை வரி வரியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் வாங்குகிறவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பதுதான் சரியான வழி.

முதலில், "காரணம் கேட்டா பெர்ஃபார்மன்ஸ்னு போடு."

செல்வியின் வேலையில் குறை இருந்ததாக மேலாளரே நினைக்கவில்லை. சும்மா ஒரு காரணம் வேண்டுமே என்று சொன்னது. ஆனால் நம் தொழிலாளர் சட்டத்தில், ஒருவர் ஏன் போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அவருக்கு என்ன கிடைக்கும் என்பது அமைகிறது. வேலையில் குறை, ஒழுங்கீனம் என்று அனுப்பினால் குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை என்ற தனிப் பாதை. வேலையே இல்லாமல் போனதால் அனுப்பினால் அது ஆட்குறைப்பு. அதற்கு முன்னறிவிப்பு உண்டு, இழப்பீடு உண்டு. விசாரணையும் இல்லாமல் இழப்பீடும் இல்லாமல் "பெர்ஃபார்மன்ஸ்" என்று ஒரு சொல்லைப் போட்டு அனுப்பினால் இரண்டு பாதையிலும் நிற்காமல் நடுச்சாலையில் நிற்க வேண்டியதுதான். தொழிலாளர் நீதிமன்றத்தில் முதல் கேள்வியே "விசாரணை அறிக்கை எங்கே?" என்பதாக இருக்கும்.

நிர்வாகத்துக்கு வரும் சிக்கல் அது. செல்விக்கு வரும் நஷ்டம் இன்னும் பெரியது, பல ஹெச்.ஆர். அதிகாரிகளுக்கே அது தெரிவதில்லை. ஈ.எஸ்.ஐ.யில் 2005 முதல் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. சில ஆண்டுகளாவது ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டியவர், ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தால், வேறு வேலை கிடைக்கும் வரை அதிகபட்சம் 24 மாதம் உதவித்தொகை தருகிறது. முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும். செல்வியின் சம்பளம் மாதம் 18,000 ரூபாய். இரண்டு வருடமும் வேலை கிடைக்காமல் போனால் இந்தத் தொகை மொத்தம் சுமார் ஒரு லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் வரும். கம்பெனி தரப்போகும் மொத்தக் கணக்கைவிட இது அதிகம். ஆனால் கடிதத்தில் "ஆட்குறைப்பு" என்று இருக்க வேண்டும். "பெர்ஃபார்மன்ஸ் சரியில்லாததால்" என்று இருந்தால் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தின் கவுன்டரோடு விஷயம் முடிந்தது.

அடுத்து, "முடிஞ்சா ரிசைன் எழுதி வாங்கிடு."

ஐ.டி. கம்பெனிகளில் இதைப் "பேப்பர் போடச் சொல்வது" என்பார்கள். ஒரு அறைக்குள் கூப்பிட்டு, "நீங்களா எழுதிக் குடுத்தா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் நல்லா வரும், இல்லேன்னா அடுத்த இடத்துல பிரச்சினை" என்று மெதுவாகச் சொல்வது வழக்கமான உத்தி. தானாக வேலையை விட்டவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. மேலே சொன்ன ஈ.எஸ்.ஐ. உதவியும் கிடையாது. ஒரு கையெழுத்தில் இரண்டும் போய்விடும். மேலாளர் இதைத் தலைவலி இல்லாத வழி என்கிறார். உண்மையில் ஒரே நாளில் ஒரே பிரிவில் பதினோரு பேர் ஒரே மாதிரி வாசகத்தில் ராஜினாமா எழுதியிருந்தால், அது ராஜினாமா அல்ல என்பதைப் புரிந்துகொள்ள எந்தத் தொழிலாளர் அதிகாரிக்கும் அரை நிமிடம் போதும்.

"அடிக்கடி லீவு போடறவங்க, வாய் பேசறவங்க" என்ற வரிக்கு வருவோம். யாரை அனுப்புவது என்பதில் சட்டம் ஒரு எளிய வரிசையைச் சொல்கிறது: ஒரே வகை வேலை செய்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். மீற முடியாத விதி இல்லை இது. மெஷின் ஓட்டப் பயிற்சி பெற்றவர் கடைசியாகச் சேர்ந்தவராக இருந்தால் அவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் காரணத்தை எழுதி வைத்திருக்க வேண்டும். "வாய் பேசுகிறார்" என்பதை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. அதனால் கடிதம் எழுத உட்காரும் முன் அந்த அதிகாரி செய்ய வேண்டிய முதல் வேலை, பேக்கிங் பிரிவின் 14 பேரையும் சேர்ந்த தேதிப்படி வரிசைப்படுத்துவது. வேறு பிரிவில் இதே வகை பேக்கிங் வேலை செய்பவர்கள் இருந்தால் அவர்களையும் சேர்த்துத்தான் பட்டியல். நம் கதையில் செல்விக்கு முன்னால் சேர்ந்த மூவர் இருக்கிறார்கள். வரிசைப்படி பார்த்தால் செல்வி போகிறார், வாயாடி என்று பெயரெடுத்த மூத்தவர் ஒருவர் நிற்கிறார். மேலாளருக்கு இது பிடிக்காது. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மெஷின் சம்பந்தமாக ஒரு பழைய கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆட்குறைப்புக்கு இடம்கொடுக்கக்கூடிய இயந்திர மாற்றத்தைக் கொண்டுவர, 21 நாள் முன்னதாகத் தொழிலாளர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் மெஷினை இறக்கியிருந்தால், பிறகு எவ்வளவு அழகாகக் கடிதம் எழுதினாலும் அந்த ஓட்டை அடைபடாது. இந்த ஆலையில் டிசம்பரிலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டி, ஆளுக்கொரு நகலும் கொடுத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"செட்டில்மென்ட் அப்புறம் பாத்துக்கலாம்" என்பதுதான் செய்தியிலேயே ஆபத்தான வரி. 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு தொழிலாளர் சட்டம் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். பம்பாயில் ஜே.ஜே. மருத்துவமனைக் குழுமத்தில் வேலை பார்த்த இரண்டு வார்டு ஊழியர்களை ஆட்குறைப்புச் செய்தார்கள். இழப்பீட்டை அந்த நேரத்தில் கொடுக்கவில்லை. இழப்பீடு கொடுப்பது ஆட்குறைப்புக்கு முன்நிபந்தனை, அது நிறைவேறாததால் ஆட்குறைப்பே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று முதல் இன்றுவரை இதுதான் நிலை. பணம் பின்னால் வரும் என்றால் ஆளை அனுப்பியதே சட்டத்தின் கண்ணில் நடக்காதது.

எவ்வளவு பணம்? 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அரசின் முன் அனுமதி வாங்கித்தான் ஆட்குறைப்புச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் முன்பு 100 பேருள்ள ஆலைக்கே இருந்தது. இப்போது 300 பேர் இருந்தால்தான். அறுபது பேர் உள்ள நம் ஆலைக்கு இரண்டு கணக்கிலும் அனுமதி தேவையில்லை, அரசுக்குத் தகவல் தந்தால் போதும். அடிப்படை மாறவில்லை. குறைந்தது ஒரு வருடத் தொடர் பணி இருந்தால், காரணம் குறிப்பிட்ட ஒரு மாத எழுத்து முன்னறிவிப்பு அல்லது அந்த மாதத்துச் சம்பளம். கூடவே ஒவ்வொரு வருடப் பணிக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதியை முழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

செல்வி 2019 ஜூன் 10 அன்று சேர்ந்தார். 2026 மார்ச் 6 அன்று நின்றால் ஆறு வருடம், ஏறக்குறைய ஒன்பது மாதம். ஆக ஏழு வருடம். மாதச் சராசரி 18,000 என்றால் 15 நாளுக்கு 9,000. ஏழு வருடத்துக்கு 63,000 ரூபாய். இது ஆட்குறைப்பு இழப்பீடு. கிராஜுவிட்டி தனி. அதன் கணக்கில் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் சேரும். மாதத்துக்கு 30 நாள் என்று எடுக்காமல் 26 நாள் என்று எடுப்பார்கள். செல்விக்கு அது 13,000 என்றால், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. ஏழு வருடத்துக்கு 52,500 ரூபாய். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு "செட்டில்மென்ட் 63,000" என்று கதையை முடிக்கப் பார்க்கும் இடங்கள் உண்டு. வாங்குகிறவர் இரண்டையும் தனித்தனி வரியில் கேட்டு வாங்க வேண்டும்.

புதிய சட்டத்தில் இன்னொரு தொகையும் வந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளான ஒவ்வொருவருக்கும், வேறு திறன் கற்றுக்கொள்வதற்கென்று, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாளுக்கானதை முதலாளி மறுதிறன் நிதியில் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். செல்விக்கு 9,000 ரூபாய். புதிது என்பதால் பல கடிதங்களில் இந்த வரியே இருக்காது.

இவையெல்லாம் சட்டம் "தொழிலாளி" என்று சொல்கிறவர்களுக்கு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு நியமனக் கடிதத்தில் உள்ள நோட்டீஸ் காலம்தான் முதல் பிடி.

மிச்சமிருப்பது தேதி. "இன்னிக்கே குடுத்து அனுப்பிடு, நாளைலேர்ந்து கேட்ல விடாதே" என்பதும் சட்டப்படி முடியும்தான்; ஒரு மாதச் சம்பளத்தையும் இழப்பீட்டையும் அன்றே கையில் கொடுத்தால் போதும். மேலாளரிடம் பணம் தயாராக இல்லை. ஆகவே அந்த வழி அடைபட்டது. என்னைக் கேட்டால், பணம் இருந்தாலும் பேக்கிங் பிரிவுக்கு அந்த அவசரம் தேவையில்லை. கம்ப்யூட்டர் கடவுச்சொல்லோ, வாடிக்கையாளர் விவரமோ இவர்கள் கையில் இல்லை. ஒரு மாதம் வேலையும் சம்பளமும் இருக்கும்போது அடுத்த வேலை தேடுவதும், வேலை இல்லாமல் உட்கார்ந்து தேடுவதும் ஒன்றா?

இத்தனையையும் வைத்துக்கொண்டு அந்த அதிகாரி இரண்டாம் முறை எழுதிய கடிதம் கீழே. "ஷார்ட்டா எழுது" என்றார் அல்லவா மேலாளர். அதை மட்டும் அப்படியே கேட்டிருக்கிறார்.

> நாள்: 2.2.2026
>
> திருமதி செல்வி அவர்களுக்கு,
> பேக்கிங் பிரிவு
>
> பொருள்: ஆட்குறைப்பு முன்னறிவிப்பு
>
> பேக்கிங் பிரிவில் உங்கள் வேலை 6.3.2026 வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இதை உங்களிடம் சொல்ல வேண்டியிருப்பதற்கு வருந்துகிறோம்.
>
> காரணம்: தானியங்கி பேக்கிங் இயந்திரம் வந்த பிறகு இப்பிரிவில் 14 பேருக்குப் பதில் 3 பேருக்கே வேலை இருக்கிறது. இது பற்றிய மாற்ற அறிவிப்பை டிசம்பரில் உங்களுக்குத் தந்திருந்தோம். உங்கள் வேலையிலோ நடத்தையிலோ எந்தக் குறையும் இதற்குக் காரணம் அல்ல.
>
> பணியில் சேர்ந்த தேதி வரிசைப்படி, கடைசியாகச் சேர்ந்த 11 பேர் ஆட்குறைப்புக்கு உள்ளாகிறார்கள். பட்டியல் நோட்டீஸ் போர்டில் உள்ளது.
>
> 6.3.2026 வரை வழக்கம்போல் வேலையும் முழுச் சம்பளமும் உண்டு. பிப்ரவரிச் சம்பளம் வழக்கமான நாளில் வரும்.
>
> 6.3.2026 அன்று உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுவது:
> ஆட்குறைப்பு இழப்பீடு (7 ஆண்டு) ரூ.63,000
> மார்ச் 1 முதல் 6 வரை சம்பளம் ரூ.3,600
> மீதமுள்ள விடுப்பு 12 நாளுக்கு ரூ.7,200
> மொத்தம் ரூ.73,800
>
> கிராஜுவிட்டி ரூ.52,500: 2.4.2026-க்குள்.
> மறுதிறன் நிதியில் நிறுவனம் கட்டும் தொகை ரூ.9,000: 20.4.2026-க்குள் உங்கள் கணக்குக்கு வர ஏற்பாடு செய்யப்படும்.
>
> பணிச் சான்றிதழும், ஈ.எஸ்.ஐ. வேலையின்மை உதவிக்கு வேண்டிய சான்றும் 6.3.2026 அன்று தரப்படும். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை நாங்களே பதிவு செய்வோம்.
>
> அடுத்த ஓராண்டுக்குள் இந்த வகை வேலைக்கு ஆள் எடுத்தால் உங்களுக்குத் தெரிவித்து முன்னுரிமை தருவோம். வீட்டு முகவரியோ கைபேசி எண்ணோ மாறினால் அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.
>
> கணக்கில் தவறு இருப்பதாகத் தோன்றினால், அல்லது வேறு எது கேட்க வேண்டுமானாலும், ஹெச்.ஆர். அலுவலகத்தில் என்னைத் தினமும் மாலை 4 முதல் 5 மணி வரை பார்க்கலாம்.
>
> நகல்: தொழிலாளர் துறைக்கு

செல்விக்குத் தெரிய வேண்டியது முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. "வருந்துகிறோம்" ஒரு தடவைதான் வருகிறது. "ஈடு இணையற்ற பங்களிப்பு" போய்விட்டது. அதன் இடத்தில் "எந்தக் குறையும் இதற்குக் காரணம் அல்ல" என்று ஒரு வரி. அடுத்த இடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது செல்வி காட்டக்கூடிய வரி அது. "நிர்வாகம் முடிவு செய்துள்ளது", "மேற்கொள்ளப்படுகிறது" போன்ற ஆள் தெரியாத வாக்கியங்களையும் குறைத்திருக்கிறார். யாரைப் பார்ப்பது என்பதற்கு ஒரு மனிதரும் ஒரு நேரமும் இருக்கின்றன.

அந்த ஓராண்டு முன்னுரிமை வாக்குறுதி நிர்வாகத்தின் பெருந்தன்மை இல்லை. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுவேலையில் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. புதிய சட்டம் அதற்கு ஓராண்டு என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆகஸ்டில் ஆர்டர் கூடி, ஒப்பந்தக்காரர் மூலம் நாலு பேரை பேக்கிங்குக்கு இறக்கினால் இந்த வரி நினைவுக்கு வர வேண்டும். அப்படி நடப்பதுதான் அதிகம். இவர்களுடைய வேலை உண்மையிலேயே இல்லாமல் போனதா, வேறு பெயரில் தொடர்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கும் இடமும் அதுதான்.

மேலாளர் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு இடத்தில் முகம் சுளிப்பார். தொகையை ரூபாய்க் கணக்கில் எழுதினால் மாட்டிக்கொள்வோமே என்பார். "விதிப்படி உரிய தொகை வழங்கப்படும்" என்று போடச் சொல்வார். விதிப்படி எவ்வளவு என்று செல்விக்குத் தெரியாது என்பதுதான் அந்த வாசகத்தின் பலம். எண்ணை எழுதினால் அவர் தங்கையோ பக்கத்து வீட்டு வக்கீலோ சரிபார்க்க முடியும். சரிபார்க்க முடிந்த கணக்குக்கு வழக்கு வருவது குறைவு என்று அதிகாரி எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, "குறை காரணம் அல்ல" என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு வாதாட முடியாதே என்பார். குறை இருந்தால்தானே வாதாட!

கடிதத்தை யார் கையில், எப்படிக் கொடுப்பது என்பதும் எழுதுவதோடு சேர்ந்ததுதான். பதினோரு பேரையும் ஒன்றாக நிறுத்தி ஒரே மூச்சில் படித்துவிட்டு உறையை நீட்டுவது வேகமான வழி. ஆனால் ஒவ்வொருவர் கணக்கும் வேறு. செல்விக்கு ஏழு வருடம், பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு. முதலில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, பிறகு ஆளுக்குப் பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினால் அரை நாள் ஆகும். அந்த அரை நாள் மேலாளரும் இருக்க வேண்டும். 12 மணி மீட்டிங்கைத் தள்ளிப்போடத்தான் வேண்டும். மெஷினை வாங்கும் முடிவில் கையெழுத்துப் போட்டவர் அவர். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான்.

தமிழ் என்று சொன்னதில் ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. பல ஆலைகளில் இந்தக் கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் போகிறது. படிக்கத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டு தொழிலாளி தேநீர்க் கடைக்குப் போகிறார். தமிழ்ப் பிரதியும் சேர்த்துக் கொடுப்பது இரண்டு தாள் செலவு.

கடைசியாக நகலில் வாங்கும் கையெழுத்து. அலுவலகப் பிரதியின் அடியில் பெரும்பாலும் ஏற்கெனவே அச்சடித்த ஒரு வரி இருக்கும்: "மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்து முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன், இனி எனக்கு நிறுவனத்திடம் எந்தக் கோரிக்கையும் இல்லை." பணம் இன்னும் கைக்கு வராத நாளில் இதில் கையெழுத்துக் கேட்பது முறையல்ல. நம் அதிகாரி அந்த வரியை அடித்துவிட்டு, "கடிதம் பெற்றுக்கொண்டேன்" என்றும், அதன் கீழே தேதியும் நேரமும் எழுத இடமும் மட்டும் விட்டார். உங்கள் கையில் அடித்துவிடாத பிரதி வந்தால், நீங்களே கையெழுத்தின் பக்கத்தில் "பெற்றுக்கொண்டேன், கணக்கு சரிபார்க்கப்படவில்லை" என்று எழுதித் தேதி போடலாம். யாரும் தடுக்க முடியாது.